கண்ணாடி போட்ட ரசீது

எங்கள் வீட்டுச் சமையலறையில் மழை பெய்யும். அடுப்புக்கு நேர் மேலே கூரையில் ஒரு விரிசல். வெளியே தூறினால் உள்ளே சொட்டும், வெளியே கொட்டினால் உள்ளே குளிக்கலாம். அதைச் சரி செய்வதற்காக, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்து நான் சேர்த்த ஒரு லட்சம் வங்கியில் கிடந்தது. வீட்டில் அதற்குச் சமையலறைப் பணம் என்று பெயர். இந்த வருஷம் அந்தப் பணம் கோயில் கணக்குக்குள் போகப் பார்த்தது. சாமி கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். கேட்டது சாமி இல்லை.

என் வீட்டுக்காரர் கோயில் திருவிழாக் குழுவின் பொருளாளர். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவர். குழுவில் தலைவர் பதவி என்றால் சட்டை கிழியும். செயலாளர் பதவி என்றால் சம்பந்தியோடு சண்டை வரும். பொருளாளர் யார் என்று கேட்டால் மட்டும் எல்லாரும் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடுவார்கள். சில வருஷத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் இவருக்குச் செருப்பு கிடைக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அன்றிலிருந்து இவர்தான் பொருளாளர்.

அதிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜை கோயில் ஆபீஸ். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மேஜையில் ரசீதுப் புத்தகம், கார்பன் தாள், முத்திரை, மை டப்பா. ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரே நம்பரில் இரண்டு தாள். மேல் தாள் பணம் கொடுத்தவருக்கு, கீழ்த் தாள் புத்தகத்திலேயே நகலாகத் தங்கிவிடும். பணத்தை வாங்கி இரண்டு தடவை எண்ணி, அதை இடது கையில் பிடித்துக்கொண்டுதான் வலது கையால் பேனா மூடியைக் கழற்றுவார். பணம் கைக்கு வராமல் மூடி கழன்றதில்லை. எழுத்தில் தப்பு வந்தால் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கி, நகலோடு சேர்த்துக் குத்தி, இரண்டிலும் குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதுவார். சாயங்காலம் நகல்களைக் கூட்டினால் வருகிற தொகையும் டப்பாவில் இருக்கிற பணமும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால்தான் எனக்கு நல்ல முகம் காட்டுவார். காலையில் அது வங்கிக்குப் போய்விடும்.

நன்கொடை கொடுக்க வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். ஒருவர் நூறு ரூபாயை நீட்டி, தன் பெயர், மனைவி பெயர், மூன்று பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கிற பேரன் எல்லாரையும் ஒரே வரியில் அடக்கச் சொல்வார். இன்னொருவர், "பேரெல்லாம் வேண்டாம்மா, வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக் கூடாது, 'அன்பர் ஒருவர்'னு போடச் சொல்லுங்க" என்பார். மறுநாளே வந்து, "அந்த அன்பர் யாருன்னு யாராவது கேட்டாங்களா?" என்று விசாரிப்பார். கேட்கவில்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். பாவம் என்று நானே தெருவில் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தேன்.

குழுத் தலைவருக்கு ஊரில் மைக் என்றுதான் பெயர். லாரிகள் வைத்திருக்கிறார். கையில் மைக் இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரியே பேசுவார். என்னிடம் தண்ணீர் கேட்பதே, "பாசத்துக்குரிய தங்கச்சி அவர்களே" என்றுதான் ஆரம்பிக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று தாராளமாக இருப்பவர், அவ்வளவுதான்.

வினை திருவிழாவின் கடைசி நாள் மேடையில் வந்தது. பெரிய தெரு நகைக்கடை முதலாளி பட்டுச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தலைவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டினார். தலைவர் நிமிர்ந்து, "நம்ம நகைக்கடை அண்ணன் அவர்கள் திருவிழாவுக்கு வாரி வழங்கியிருக்கும் தொகை ஒரு லட்சம்" என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல் அடங்குவதற்குள் போட்டோ எடுப்பவர் மேடை ஏறிவிட்டார்.

"பொருளாளர் ரசீதை வழங்குவார்" என்றார் தலைவர்.

என் வீட்டுக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு எழுந்து போய் நின்றார். கையை நீட்டினார். பணத்துக்குத்தான் நீட்டினார். நகைக்கடைக்காரர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பணம்..." என்று இவர் முணுமுணுத்தார்.

"நாளைக்குக் காலைல கடைக்கு வாங்க, எண்ணி வெச்சுடறேன்" என்றார் அவர்.

"அட, எழுதுங்கண்ணே. போட்டோக்காரர் எவ்வளவு நேரம் நிப்பார்?" என்றார் தலைவர். அதுவும் மைக்கில் கேட்டது. ஊரே சிரித்தது.

பெண்கள் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அத்தனை கூட்டத்துக்கு நடுவே, வாழ்க்கையில் முதல் தடவையாக, இடது கை காலியாக இருக்கும்போது இவருடைய வலது கை பேனா மூடியைக் கழற்றியது. ரசீது எண் 213. ஒரு லட்சம், ரொக்கம். கிழித்துக் கொடுத்தார், இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார்கள். இவர் சிரித்ததைச் சிரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போனார். ஏசி அறையில் உட்கார வைத்துக் குளிர்ந்த ஜூஸ் கொடுத்தார்கள். முதலாளி வெளியே போயிருக்கிறாராம். கையில் ஒரு காலண்டரைக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் போனார். முதலாளி இருந்தார், மேனேஜர் இல்லை, பீரோ சாவி மேனேஜரிடம். ஜூஸ், காலண்டர். அதற்கடுத்த தடவை மேனேஜர் இருந்தார், முதலாளி ஒரு கல்யாண வீட்டில். எங்கள் வீட்டில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் நகைக்கடை முதலாளி கை கூப்பிச் சிரித்தபடி மாதத்தைக் காட்ட ஆரம்பித்தார். கழிவறைக் கதவில் மட்டும் மாட்ட வேண்டாம் என்று இவர் தடுத்துவிட்டார். நான் ஆணியே அடித்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் என் மூக்குத்தித் திருகு தளர்ந்திருக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நானே போனேன். உள்ளே நுழைந்ததுமே கண்ணில் பட்டது. கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில், அந்த ரசீது. தங்க நிறச் சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, மேலே ஒரு குட்டி விளக்கும் வைத்திருந்தார்கள். கூடவே மேடையில் எடுத்த போட்டோ. ரசீது எண் சிவப்பு மையில் அச்சடித்தது. அந்த விளக்கு வெளிச்சத்தில் 213 என்பது வாசலிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. தோடு பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் அம்மாவிடம், "பாரும்மா, கோயிலுக்கு ஒரு லட்சமாம். இப்படிப்பட்டவங்க எடையில ஏமாத்துவாங்களா?" என்றாள். அம்மா உடனே தோட்டோடு ஒரு வளையலும் எடுத்தாள்.

முதலாளி என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தார்.

"வாங்கம்மா. அண்ணன் நல்லா இருக்காரா? அந்தப் பண விஷயமா அடிக்கடி வர்றார், வெயில்ல எதுக்கு அலையறார்? நான் சொன்னா சொன்னதுதான். பணம் எங்க ஓடிப் போகப் போகுது?"

"ஓடல அண்ணா. நகரவே இல்லையேன்னுதான் கவலை" என்றேன்.

அவர் சிரித்தார். "கணக்குத் தாள் அடிக்கறப்ப என் பேரு முதல்ல வரணும்னு சொல்லுங்க. நான் வரிக் கணக்குலயே காட்டியாச்சு. ரசீது இருக்கே."

பணத்தைக் கொடுக்காமலே அதற்கு வரிச் சலுகையும் வாங்கப் பார்க்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். மூக்குத்தித் திருகை இறுக்கிக் கொடுத்தார்கள். அதற்குக் காசு வாங்கிக்கொண்டார்கள். அதற்கு ரசீது தரவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "அந்த ரசீதைத் திருப்பிக் கேட்டு ரத்து பண்ண முடியாதா?"

"கேட்டேன். சட்டம் போட்டாச்சுன்னு சொல்லிட்டார். அந்தத் தாள் கைக்கு வராம நான் நகலை மட்டும் அடிச்சா, பணத்தை வாங்கிட்டு அடிச்சுட்டேன்னுதான் ஊர் சொல்லும். அவர்கிட்ட ரசீது இருக்கு. போட்டோ இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு?"

காலண்டர் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கணக்குத் தாள் போடுகிற நாள் வந்தது. வருஷா வருஷம் திருவிழா முடிந்ததும் பொதுக் கூட்டத்தில் நன்கொடை கொடுத்த எல்லாருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். ஒரு பக்கம் முன் இருப்பு, வரவு, செலவு, வங்கியில் மிச்சம். மறு பக்கம் ரசீது எண் வரிசைப்படி யார் யார் எவ்வளவு. தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் கோயில் காகிதங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் சரியா வருது, அந்த ஒரு லட்சம்தான் இடிக்குது" என்றார் இவர். "நகல் கூட்டல்ல இருக்கு. பாஸ்புக்ல இல்ல."

"இதுக்கா முழிக்கறீங்க? செலவை ஒரு லட்சம் ஏத்திக் காட்டிடுங்க. பந்தல் செலவுல கொஞ்சம், விளக்குச் செலவுல கொஞ்சம், மிச்சத்தை 'இதர செலவு'ன்னு போடுங்க. வரவும் இருக்கும், செலவும் இருக்கும். அண்ணன் மானமும் இருக்கும்."

"பந்தல்காரர் குடுத்த பில்லு இருக்கே. அதுக்கு மேல நான் எப்படி எழுதறது?"

"அவர்கிட்ட நான் சொல்லி வேற பில்லு வாங்கித் தர்றேன்."

"அப்போ அவர் வாங்காத பணத்தை வாங்கினதா எழுதணும். நகைக்கடைக்காரர் குடுக்காத பணத்தைக் குடுத்ததா நான் எழுதணும். இல்லாத பணம் ரெண்டு கை மாறும். நான் மாட்டேன்."

அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அடுப்படியில் நின்ற எனக்கே பெருமையாக இருந்தது. தலைவர் எழுந்தார். "அப்ப ஒரு லட்சம் குறையும். குறைஞ்சா ஊரு யாரைக் கேக்கும்? அறிவிப்புதான் என் வேலை. பணம் உங்க வேலை" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "விடைபெறுகிறேன் தங்கச்சி அவர்களே" என்று வணங்கிவிட்டுப் போனார்.

அந்தப் பெருமை எனக்கு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் காலையில் நான் ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது இவர் வந்து பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இந்த மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் வசூலில் ஒரு கள்ள நோட்டு வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் தன் பென்ஷனிலிருந்து போட்டு நிரப்பிவிட்டு, அப்புறம் இப்படித்தான் வந்து உட்கார்ந்தார்.

"உன் சமையலறைப் பணம்..." என்றார்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் ஆபத்து.

"கோபப்படாம கேளு. அதை எடுத்து வங்கியில கட்டிட்டா கணக்கு நேராயிடும். அவர் குடுக்கறப்ப நாம எடுத்துக்கலாம். நாப்பது வருஷம் ஒருத்தர்கிட்டயும் ஒரு சொல் கேக்காம இருந்துட்டேன். இந்த வயசுல கோயில் பணத்தைத் தின்னவன்னு பேர் வாங்க முடியாதும்மா."

"அதனால நான் தைச்ச காசுல நகைக்கடைக்காரருக்குப் பேர் வாங்கித் தரணுமா? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைச்ச கதையா இருக்கு. இதுல தேங்காயும் என்னுது, கடையும் என்னுது, புண்ணியம் மட்டும் அவருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு என் மெஷின் மேல் கிடந்த நூல்களைப் பொறுக்கிப் பந்தாகச் சுருட்டினார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பணத்துக்காக மட்டும் அழவில்லை. ஊரிலேயே நேர்மையான மனிதர், திருடன் என்று பெயர் வராமல் இருக்க மனைவியிடம் பிச்சை கேட்கிறார், உண்மையில் ஏமாற்றியவர் விளக்குப் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். அந்த அநியாயத்துக்குத்தான் அழுதேன்.

மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன். "ஒண்ணு கேக்கறேன். வராத பணத்தை வரவுன்னு எதுக்கு எழுதறீங்க?"

"ரசீது குடுத்தாச்சே."

"டீச்சரம்மா ரவிக்கை வாங்கிட்டுப் போய் ரெண்டு மாசமாச்சு. பணம் தரல. நான் அதை வரவுலயா எழுதியிருக்கேன்? ரவிக்கை போச்சு, காசு வரலன்னு எழுதியிருக்கேன். நீங்களும் அப்படி எழுதுங்க. ரசீது போச்சு, பணம் வரல."

அவர் நிமிர்ந்தார். "அதுதான் முறை. பாஸ்புக்ல வந்ததை மட்டும் வரவுல காட்டி, இதைக் கீழே குறிப்பாப் போடணும். ஆடிட்டரும் அப்படித்தான் கேப்பார். ஆனா பேரைப் போட்டா அவர் மானம் போயிடும். ஊரே சண்டைக்கு வரும்."

"பேர் எதுக்கு? நம்பரை மட்டும் போடுங்க."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். முதலில் புரியவில்லை. பிறகு புருவம் மெல்ல ஏறியது. அவரும்தான் அந்தக் கடைக்கு எத்தனை தடவை போய் ஜூஸ் குடித்திருக்கிறார். பிறகு அந்த மனிதர் சிரித்தார். மேடையில் சிரித்த சிரிப்பு இல்லை. நூல் பந்து மடியிலிருந்து உருண்டு போகிற அளவுக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

தாள் தயாரானது. பெயர்ப் பட்டியலில் 212 இருந்தது, 214 இருந்தது. நடுவில் இருந்த வரியில் பெயர் இல்லை, 'குறிப்பைக் காண்க' என்று மட்டும் இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் குறிப்புகள். எழுத்துப் பிழையால் ரத்தான இரண்டு ரசீதுகளின் எண்கள், அவற்றின் தாள்கள் புத்தகத்தில் இணைக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'ரசீது எண் 213: ரசீது வழங்கப்பட்டது. தொகை ஒரு லட்சம் இதுவரை வரவில்லை. வந்ததும் கணக்கில் சேர்த்து அனைவருக்கும் தெரிவிக்கப்படும்.'

அச்சுக்குப் போகுமுன் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். இவர் தாளைக் கொடுத்து, "நல்லாப் படிச்சுப் பார்த்துப் போடுங்க. குறிப்பையும் படிங்க" என்று என் காதுபடச் சொன்னார். தலைவர் நன்றாகவே படித்தார், தன் பெயரை. "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கே, பெருசாக்கச் சொல்லுங்க" என்று கையெழுத்துப் போட்டார். பெரிதாக்கினார்கள். அதற்கு இடம் வேண்டுமென்று அச்சகத்தார் குறிப்பை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கினார்கள். எனக்கு அது ஒன்றுதான் வருத்தம்.

பொதுக் கூட்டத்தில் தாளைக் கொடுத்ததும் மண்டபம் அமைதியானது. எல்லாரும் கணக்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடினார்கள். கண்டதும் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று தேடினார்கள். பிறகு சத்தம் ஆரம்பித்தது. ஒருவருக்கு முதலெழுத்து விட்டுப்போயிருக்கிறதாம். இன்னொருவருக்கு மருமகன் பெயருக்கு முன்னால் டாக்டர் போடவில்லையாம். நம் அன்பர் ஒருவர், 'அன்பர் ஒருவர்' என்று மட்டும் போட்டால் யாருக்கு எப்படித் தெரியும் என்று எழுந்து நின்று கேட்டார். வங்கியில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு ஆத்மா கேட்கவில்லை.

டீச்சரம்மாதான் கடைசி வரை படித்தவர். பிழை திருத்தியே பழகிய கண். "பொருளாளர் சார், இந்த 213 யாருது? ரசீது வாங்கிட்டுப் பணம் தராம இருக்காங்கன்னு போட்டிருக்கே" என்று கேட்டார். கேட்டவரே எனக்கு ரவிக்கைப் பாக்கி. இருந்தாலும் அன்று அவரை மன்னித்தேன்.

மண்டபம் இப்போது உண்மையாகவே அமைதியானது. தலைவர் தாளைத் திருப்பிக் குறிப்பை முதல் தடவையாகப் படித்தார். வேர்த்துவிட்டது. நகைக்கடைக்காரர் கூட்டத்துக்கு வரவில்லை. பெயர் முதலில் போட்டிருப்பார்கள் என்று நம்பி வீட்டில் இருந்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். "யாருன்னு நான் சொல்றது முறையில்ல. ரசீது வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று ஊரில் இழுப்பறை, பீரோ, அரிசி டப்பா எல்லாம் உருண்டன. எல்லாரும் தங்கள் ரசீதைத் தேடி எடுத்து நம்பர் பார்த்தார்கள். பால்காரர் எங்கள் வீட்டுக்கே மூச்சு வாங்க ஓடி வந்து, "என்னுது 231 அக்கா, நல்லாப் பாருங்க, தலைகீழா எதுவும் எழுதிடலையே?" என்று காட்டிவிட்டுப் போனார். 213 யாரிடமும் இல்லை. மறுநாள் அந்தத் தோடு வாங்கிய பெண், தோட்டை மெருகு போடக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். மேலே குட்டி விளக்கு. அதன் வெளிச்சத்தில் சிவப்பு நம்பர். பாவம், அந்த விளக்கைப் போடாமலாவது இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நகைக்கடைக்கு வந்த கூட்டம் அதற்கு முன்னால் வந்ததில்லை. எல்லாரும் வந்தார்கள். யாரும் நகை பார்க்கவில்லை. கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்து, தாளைப் பார்த்து, திரும்பவும் சுவரைப் பார்த்து, ஜூஸ் குடித்துவிட்டுப் போனார்கள். கடைக்காரர்கள் அவசரமாக அந்தச் சட்டத்தின் மேல் ஒரு காலண்டரை மாட்டினார்கள். வந்தவர்கள், "இன்னிக்குத் தேதி என்ன?" என்று காலண்டரைத் தூக்கிப் பார்த்தார்கள். வளையல் வாங்கிய அம்மா திரும்ப வந்து, வளையலைத் தராசில் இன்னொரு தடவை போடச் சொன்னாளாம். அதுதான் முதலாளியைக் குத்தியிருக்க வேண்டும்.

ஏனென்றால் அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் கார் வந்து நின்றது. இவரைத் தேடி அவர் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வந்தவர், நான்கு சுவரிலும் தானே கை கூப்பி நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறினார். நான் ஜூஸ் கொடுத்தேன். நாமும் மனிதர்கள்தானே.

"என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்று செக்கை மேஜையில் வைத்தார். "நாளைக்கே வேற தாள் அடிச்சுக் குடுத்துடுங்க."

"செக் பாஸாகட்டும்" என்றார் இவர்.

"என் செக்குக்கா?"

"யார் செக்கா இருந்தாலும் பாஸான அப்புறம்தான் வரவு."

"சரி. தேதி மட்டும் ரசீதுல இருக்கற தேதியே இருக்கட்டும். வரிக் கணக்குல அதைத்தான் காட்டியிருக்கேன்."

"பணம் வந்த தேதியைத்தான் போட முடியும். நான் மாத்தினாலும் பேங்க் மாத்தாது."

அவர் ஜூஸை ஒரே மூச்சில் குடித்தார். "புது ரசீதாவது குடுப்பீங்களா?"

"ஒரு பணத்துக்கு ஒரு ரசீதுதான். உங்க ரசீதுதான் கடையிலேயே தொங்குதே" என்றார் என் வீட்டுக்காரர். குரலில் கேலியே இல்லை. அவர் உண்மையாகவே விதியைத்தான் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு நன்றாக இருந்தது.

செக் பாஸானது. இவர் நகலில் ரொக்கம் என்பதைச் செக் என்று திருத்தி, பணம் வந்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். '213க்கான தொகை வரப்பெற்றது' என்று ஒரு சின்னத் தாள் அடித்து எல்லாருக்கும் கொடுத்தார். என் சமையலறைப் பணம் கொத்தனாரிடம் போனது. இப்போது மழை பெய்தால் வெளியே மட்டும்தான் பெய்கிறது. ஆரம்பத்தில் ஒரு வாரம் பழக்க தோஷத்தில் வாளியை எடுத்து வைத்துவிட்டு, அது காய்ந்து கிடப்பதைப் பார்த்து நின்றிருக்கிறேன்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். தலைவர் இருக்கும்போது எதுதான் முடியும்? கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதற்காக நகைக்கடை அண்ணனுக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தார். வாங்கின கடனைத் திருப்பித் தந்தால் மாலை போடுகிற ஊர் எங்கள் ஊர்தான். மண்டபம் நிறைய ஆள், மேடை, பூங்கொத்து, அதே போட்டோக்காரர். ஒரே ஒரு லட்சத்துக்கு அந்த மனிதர் இரண்டு தடவை கைதட்டல் வாங்கினார்.

கைதட்டல் கேட்டதும் தலைவருக்கு இரத்தம் சூடாகிவிட்டது. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷத் திருவிழாவுக்கு என் சொந்தப் பொறுப்பில் இரண்டு லட்சத்தை இந்த மேடையிலேயே வழங்குகிறேன். பொருளாளர் ரசீதை வழங்குவார்" என்றார்.

போட்டோக்காரர் மேடை ஏறினார். ஊரே திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் எழுந்தார். சட்டைப் பையைத் தொட்டார். பேனா இருந்தது. ஆனால் மூடியைக் கழற்றவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், இரண்டும் காலி.

"ரசீதுப் புத்தகம் எங்கண்ணே?" என்று தலைவர் மைக்கிலேயே கேட்டார்.

"வீட்டுல இருக்கு. தையல் மெஷின் டிராயர்ல."

"யாரையாவது அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. போட்டோக்காரர் நிக்கிறார்."

"டிராயர் பூட்டியிருக்கு. சாவி அவகிட்ட" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

ஊர் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து நின்றேன். சாவி இடுப்பில்தான் இருந்தது. மறைக்கவில்லை.

"பணத்தை எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க அண்ணா" என்றேன். "ஜூஸ் போட்டு வைக்கிறேன். காலண்டர்கூடத் தர்றேன், எங்க வீட்டுல நிறைய இருக்கு."